நிற்கிற வண்டியின் வாடகை

ஒரு நாளைக்கு எவ்வளவு உழைப்பீர்கள் என்று ஓட்டோவில் ஏறியிருந்து கேட்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. நாலாயிரம் என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். தங்கள் கந்தோர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பின்னால் இருந்தபடியே எரிச்சல்படுவதும் கண்ணாடியில் தெரியும். அந்த நாலாயிரத்தில் ஆயிரத்து இருநூறு வண்டி முதலாளிக்கு, ஆயிரத்து ஐந்நூறு பெற்றோலுக்கு என்று எத்தனை பேருக்கு நான் விளக்கம் சொல்லியிருப்பேன். காற்றுப்போனால் ஒட்டுகிற காசும் என்னுடையது. ஹயர் கிடைக்காத, ஆளே ஏறாத நாளிலும் வாடகை வாடகைதான். மழைக்கும் தள்ளுபடி இல்லை, காய்ச்சலுக்கும் தள்ளுபடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பூசைக்குப் போவதால் வண்டியை எடுக்கமாட்டேன், அன்றைக்கு வாடகை இல்லை. அதையும் ஏதோ எனக்குச் செய்த உபகாரம்போல முதலாளி வாரா வாரம் சொல்லிக்காட்டுவார்.

லிங்கநகரில் எங்கள் வீடு. தையல் வேலை செய்த இடம் மூடப்பட்ட பிறகு ஓட்டோ ஓட்டத் தொடங்கினேன். சொந்த வண்டி வாங்குகிற கதையெல்லாம் இந்த விலைக்குச் சரிவராது. துறைமுகப் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவரிடம் நாலு ஓட்டோக்கள் இருந்தன. அவர்தான் என் முதலாளி. கல்லாப்பெட்டியை விட்டு எழும்பாத மனிதர். ஆனால் நாலு வண்டிகளும் எங்கே நிற்கின்றன என்று அவருக்குத் தெரியும். வண்டி களவு போகாமல் இருக்க என்று சொல்லி ஒவ்வொன்றிலும் ஜீபிஎஸ் பூட்டியிருந்தார். கள்ளன் ஒருவனும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்களைத்தான்.

வாடகைக்கு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற பிழை ஒன்று உண்டு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவார்கள். வாடகை கட்டுகிறோமே, வண்டி சும்மா நிற்கலாமா என்ற பதற்றம். வெறும் வண்டியோடு கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, பெற்றோலை எரித்து, பின்னேரம் ஆகும்போது ஆளும் களைத்து, கையிலும் ஒன்றும் இராது. நானும் முதல் இரண்டு மாதமும் அப்படித்தான் ஓடினேன். பிறகுதான் பிடிபட்டது: வாடகை முழு நாளுக்கு, ஆனால் உழைப்பு நாலைந்து மணித்தியாலத்துக்குள்தான். அந்த நேரம் எது என்று கண்டுபிடித்தால் பிழைக்கலாம்.

விடியற்காலையில் கொழும்பு ரயில் வரும். ரயில் நிலைய வாசலில் நிற்க எனக்கு உரிமை இல்லை. அங்கே தரிப்பிடத்துக்கு என்று ஆட்கள் இருக்கிறார்கள், முறைப்படிதான் ஏற்றுவார்கள். வெளியாள் போய் மூக்கை நீட்டினால் சண்டை. ஆனால் உப்புவெளியில் ஒரு தங்குமிடக்காரி தன் விருந்தாளிகளை ஏற்றிவர என்னைத்தான் கூப்பிடுவாள். பெயர் சொல்லி அழைத்துப் போகிற ஆளுக்கு முறை தேவையில்லை. அது வாரத்தில் நாலு நாள் கிடைக்கும். அதே நேரத்தில் மீன் ஏற்றப் போனால் இன்னும் கூடக் கிடைக்கும். வியாபாரிகள் பெட்டியோடு சந்தைக்குப் போக அவசரப்படுவார்கள், பேரம் பேச நேரமிராது. நான் ஒருநாளும் மீன் ஏற்றவில்லை. காரணம், ஆறரைக்கு என் வண்டியில் வெள்ளைச் சட்டையோடு ஆறு பிள்ளைகள் ஏறுவார்கள். மீன்தண்ணீர் பட்ட சீற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அந்த நாற்றம் போகாது.

அந்த ஆறு பிள்ளைகள்தான் என் கணக்கின் அடித்தளம். காலையில் ஏற்றி இரண்டு பள்ளிக்கூடங்களில் இறக்கி, ஒன்றரைக்குத் திரும்ப ஏற்றி வீட்டுக்கு வீடு விடுவேன். பிள்ளைக்கு மாதம் ஐயாயிரம். ஆறு பேருக்கும் முப்பதாயிரம். மாத வாடகையைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஆகவே வாடகையைப் பிள்ளைகள் கட்டிவிடுவார்கள், மற்ற ஓட்டமெல்லாம் பெற்றோல் போக எனக்கு. பள்ளி விடுமுறை மாதங்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு போகும். இந்த ஆறு பேரையும் ஒரே நாளில் யாரும் என் மடியில் கொண்டுவந்து போடவில்லை. ஒரு வருசமாக ஒவ்வொரு வாசலாகக் கதைத்து, பிந்தாமல் போய், பெற்றோருக்கு நம்பிக்கை வரவைத்துச் சேர்த்தது. பொம்பிளை ஓடுகிற வண்டி என்பதால்தான் இரண்டு வீட்டுக்காரர் சம்மதித்தார்கள்.

காலை ஒன்பதுக்குப் பிறகு தெரு ஆறிவிடும். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், கந்தோர்க்காரர் உள்ளே இருப்பார்கள், வெயில் ஏறிவிடும். பதினொரு மணிபோலக் கிளினிக்கால் திரும்புகிற ஒன்றிரண்டு பேரைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கடற்கரைப் பக்கமாக ஒரு மரநிழலில் வண்டியை விட்டுவிட்டு, போன் வந்தால் போவேன், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். நாலு மணிக்கு எழும்புகிற உடம்பு. பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு ரியூஷன் பிள்ளைகள், துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் என்று மறுபடி சூடு பிடிக்கும்.

இந்த மரநிழல்தான் முதலாளியின் கண்ணை உறுத்தியது. ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என்ன தங்கச்சி, ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம், மூண்டு மணித்தியாலம் ஒரே இடத்தில நிக்குது?"

"ஹயர் இல்லாத நேரம் அண்ணை. சுத்தினா பெற்றோல்தான் எரியும்."

"அப்ப வண்டி சும்மா நிக்குது."

"வாடகை சும்மா நிக்கேல்லையே. அது முழுசா வருதுதானே?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, யோசனை இருந்தது. அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற கதை இரண்டு நாள் கழித்துத் தொடங்கியது. நான் மிகவும் கஷ்டப்படுகிறேனாம். விடிய எழும்பி ஓடுகிற பொம்பிளைக்கு ஓய்வு வேண்டாமா என்றார். ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் விட்டால், ஒரு மணிவரைக்கும் வேறொருவர் ஓடுவார். எனக்கு வாடகை முன்னூறு ரூபாய் குறையும். ஒரு மணிக்கு வண்டி கைக்கு வந்துவிடும், பள்ளிக்கூட ஓட்டத்துக்கு ஒரு குறையும் வராது என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அந்த நாலு மணித்தியாலத்தில் பெற்றோல் போக எனக்கு மிஞ்சுவது முன்னூறு, நானூறு. சில நாள் அதுவும் இல்லை. அதே காசு வாடகையில் குறைகிறது, நான் வீட்டில் சோறு ஆக்கிவிட்டுக் கொஞ்சம் படுக்கலாம். கணக்கு எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அதில்தான். கணக்கில் பிழை இருந்திருந்தால் என்னை நானே திட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

"சரியா ஒரு மணிக்கு வண்டி வரவேணும் அண்ணை. பிந்தினா எனக்கு ஏலாது. பிள்ளையள் றோட்டில நிக்குங்கள்."

"நான் இருக்கிறன்தானே. போனில பாத்துக்கொண்டுதானே இருப்பன்."

அந்த மற்ற ஓட்டக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். விடிய மீன்பிடித் துறைமுகத்தில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை, அது முடிந்து குளித்துவிட்டு வந்து வண்டியை எடுப்பார். நான் மீன் ஏற்ற வேண்டாம் என்று சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றியவர். வண்டியைத் துடைத்துத்தான் தருவார். அவரிடம் முதலாளி நாலு மணித்தியாலத்துக்கு அறுநூறு வாங்குகிறார் என்பது எனக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. என்னிடம் தொள்ளாயிரம், அவரிடம் அறுநூறு. எனக்கு முன்னூறைக் குறைத்துத் தர்மவான் ஆகிவிட்டு, அதே நேரத்தை அவருக்கு இரட்டை விலைக்கு விற்றிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே என்று இதற்குத்தான் சொன்னார்கள்.

ஹயரே இல்லாத செத்த நேரத்தில் அறுநூறு வாடகை கட்டுகிற மனிதர் என்ன செய்வார்? எந்த ஹயர் வந்தாலும் ஏற்றத்தான் வேண்டும். அதுவும் தூர ஹயர் என்றால் விடுவாரா? நான் பள்ளிக்கூட நேரத்துக்குக் கிட்ட ஒருநாளும் தூர ஓட்டம் எடுக்கமாட்டேன். போவதற்குக் கிடைக்கிற காசு பெரிதாகத் தெரியும், திரும்பி வருவது வெறும் வண்டியாக, நேரமும் நம் கையில் இல்லை. ஆனால் நாலு மணித்தியாலம்தான் கையில் என்றால் அந்தத் தெரிவு எங்கே இருக்கிறது?

அந்த நாளும் வந்தது. ஒரு மணிக்கு நான் இரும்புக்கடை வாசலில் நிற்கிறேன். வண்டி இல்லை. ஒன்றே கால். மற்ற ஓட்டக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, தம்பலகாமத்தால வந்துகொண்டிருக்கிறன். ஆஸ்பத்திரியால துண்டு வெட்டி வீட்ட அனுப்பின ஒரு ஐயாவைக் கொண்டுபோய் விடப் போனனான். பின் சில்லு காத்துப் போயிட்டுது."

"ஸ்பெயார் சில்லு இருக்குதானே?"

"அதிலயும் காத்தில்லை."

ஸ்பெயார் சில்லு வண்டி முதலாளியின் பொறுப்பு. அந்த ரயர் தேய்ந்து கம்பி தெரிகிறது, காற்று நிற்பதில்லை என்று முதலாளியிடம் நான் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரமும் ஓம், ஓம் என்றார். உள்ளே ஓடினேன்.

அவர் பதறவில்லை. போனை எடுத்துப் பார்த்தார். "இந்தா, கண்டி றோட்டிலதான் நிக்குது. இப்ப வந்திடும்."

"எப்பிடி வரும் அண்ணை, காத்தில்லாத சில்லில?"

"வரும், வரும். நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவருடைய மற்ற மூன்று வண்டிகளும் அதே திரையில் தெரிந்தன, ஒன்று சந்தைப் பக்கம்தான் நின்றது. அதைக் கூப்பிடுங்கள் என்றேன். அது வாடகைக்குக் கொடுத்த வண்டி, ஓடுகிறவனைத் தன்னால் கட்டாயப்படுத்த ஏலாது என்றார். என் வண்டியும் வாடகைக்குக் கொடுத்த வண்டிதான் என்பது அவருக்கு அப்போது மறந்துபோயிற்று.

தெருவுக்கு வந்து போகிற ஓட்டோ ஒன்றை மறித்தேன். இரண்டு பள்ளிக்கூடம், ஆறு பிள்ளைகள், ஆறு வாசல் என்றதும் அந்தப் பொடியன் ஆயிரத்து ஐந்நூறு கேட்டான். தொழிலுக்குள் இருந்துகொண்டு பேரம் பேசவும் வெட்கம், நேரமும் இல்லை. ஏறினேன். முதல் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இரண்டு மணியாகிவிட்டது. மூன்று பேர் காவலாளியின் கொட்டிலுக்குள் இருந்தார்கள். அங்கே படிக்கிற நாலாவது பிள்ளையை, தாய் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். இரண்டாவது பள்ளிக்கூட வாசலில் யாருமே இல்லை. அங்கே படிக்கிற அக்காவும் தம்பியும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஐஸ் விற்கிறவர் கையைக் காட்டினார்.

அவர்களைத் துறைமுக வீதியில் கண்டேன். கொள்கலன் லொறிகள் போகிற பாதை. பெரியவளுக்கு ஒன்பது வயது. தன் புத்தகப்பையைச் சுமந்துகொண்டு தம்பியின் பையையும் முன்னால் போட்டிருந்தாள். ஒரு கையால் அவனை வீதியின் உட்பக்கமாகப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "அன்ரி, ஏன் வேற ஓட்டோவில வாறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். ஒரு லொறிக்காரன் கவனம் பிசகியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அதற்கு மேல் நினைக்காமல் இரண்டு பேரையும் தூக்கி ஏற்றினேன்.

அன்று பின்னேரம் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். என் பிழை இல்லை என்று எந்த வாசலிலும் சொல்லவில்லை. பிள்ளையைக் காணாமல் தவித்த தாயிடம் சில்லுக் கதை சொல்ல முடியுமா? அந்த அக்கா தம்பியின் தாய் கதிரை எடுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். பிறகுதான் சொன்னார்.

"உங்களில எனக்குக் கோவமில்லை அக்கா. நீங்க ஓடின காலம் ஒரு குறை இல்லை. ஆனா இனி என்னால ஏலாது. ஒரு மணியானா நெஞ்சு அடிக்கும்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கந்தோரில் இருந்து லீவு போட்டு வந்த தாயும் தன் பிள்ளையை நிறுத்திக்கொண்டார். ஒரே மத்தியானத்தில் ஆறு மூன்றாகியது. பதினையாயிரம் போயிற்று.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் லீவு. கடைக்குப் போனேன். மற்ற ஓட்டக்காரரும் வந்திருந்தார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டுப்போட்ட காசு, வெயிலில் நின்ற நேரம் எல்லாம் போக அவர் கைக்கும் முந்தின நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. இனித் தனக்கு வண்டி வேண்டாம் என்று சாவியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அவரோடு சண்டை பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் நல்லவராக இருந்து தொலைத்தார்.

முதலாளி முதலில் கேட்டது நேற்றைய வாடகையை.

"தொள்ளாயிரம் இன்னும் வரேல்லை தங்கச்சி."

"எந்த வண்டிக்கு அண்ணை? நேத்துப் பின்னேரம் நான் நடந்தெல்லே திரிஞ்சனான்?"

"விடிய ஓடினீங்கள்தானே. அவர் பிந்தினதுக்கு நான் என்ன செய்ய? அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ள பிரச்சினை."

"அவரைக் கொண்டுவந்தது ஆர்? காத்தில்லாத சில்லைப் பூட்டிவிட்டது ஆர்? ரெண்டு தரம் சொன்னனான். அந்தப் பிள்ளையள் லொறி போற றோட்டால நடந்து வந்ததுகள், தெரியுமா உங்களுக்கு? போனில அதுவும் தெரிஞ்சதா?"

கடையில் ஆணி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரத்துக் கேட்டேன். அவர் அவர்களுக்கு ஆணியை நிறுத்துக் கொடுத்து, காசை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இனி ஒருதரும் வேண்டாம். முந்திமாதிரி முழு நாளும் நீங்களே ஓடுங்கோ."

ஒரு கணம் நெஞ்சு இளகியது. மனிதனுக்குச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனா வாடகை ஆயிரத்து ஐந்நூறு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன்.

"ஆயிரத்து இருநூறுதானே அண்ணை?"

"அது அப்ப. இந்த வண்டி ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு வாடகை தரும் எண்டு எனக்கு இப்பதானே தெரியுது. மூண்டு கிழமை தந்ததுதானே?"

இரண்டு பேரைப் பிழிந்து எடுத்த காசை இப்போது ஒருத்தியிடம் கேட்கிறார். அதுவும் மூன்று பிள்ளைகளை இழந்துவிட்டு நிற்கிறவளிடம். அவருடைய குரலில் வெட்கமோ கள்ளத்தனமோ இல்லை. ஆணி கிலோ என்ன விலை என்று சொல்கிற அதே குரல். நியாயம் என்று உண்மையாகவே நம்புகிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தொள்ளாயிரத்தை எண்ணி வைத்தேன். அதன் பக்கத்தில் சாவியையும் வைத்தேன். "உங்கட வண்டியை நீங்களே நிழலில விட்டுட்டுப் போனில பாத்துக்கொண்டிருங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைப்படி இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. வருசக்கணக்காக ஒருவரிடமும் அப்படிக் கதைத்ததில்லை. சந்தி தாண்டும்வரை அந்தச் சந்தோசம் நின்றது.

சந்தி தாண்டியதும் மிச்சம் இருக்கிற மூன்று வாசல்களும் நினைவுக்கு வந்தன. நாளைக்கு ஆறரைக்கு அங்கே யார் போவது? வேறு வண்டி தேடலாம். தேட இரண்டு நாளாவது வேண்டும், முற்பணமும் கேட்பார்கள். நேற்று விட்டுவிட்டு நாளைக்கும் போகாவிட்டால் அந்த மூன்று பேரும் இல்லை. அந்த மூன்றும் போனால் எந்த முதலாளியின் எந்த வண்டியை எடுத்தும் பிரயோசனம் இல்லை. இவ்வளவு நாளும் நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பார்த்து ஓடிய மூளை, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வீதியோரம் நின்று இந்தக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டது.

திரும்பி நடந்தேன். போகிற வழியெல்லாம் சொல்ல ஏதாவது ஒரு வசனம் தேடினேன். விலை பேசலாம், ஆயிரத்து முன்னூறுக்கு வரச் சொல்லலாம், ஸ்பெயார் சில்லுக்குப் புது ரயர் போட்டுத் தந்தால்தான் எடுப்பேன் என்று நிபந்தனை வைக்கலாம். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு படியேறினேன்.

முதலாளி யாருக்கோ கம்பி அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வைத்த தொள்ளாயிரத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார். சாவியை மட்டும் எடுக்கவில்லை. அது நான் வைத்த இடத்திலேயே, நான் வைத்தபடியே கிடந்தது.